நிலா ஒண்ணுதான், மக்ரிப்தான் ஊருக்கு ஒண்ணு

கேள்வி: 2024-ல ரியாத்ல இருக்க எங்க மச்சான் மார்ச் 11-ந்தேதியே நோன்பு வச்சுட்டாரு, எங்க ஊர்ல 12-ந்தேதிதான் ஆரம்பிச்சாங்க. சவூதிக்கும் நமக்கும் ரெண்டரை மணி நேரம்தானே வித்தியாசம், நிலாவும் ஒரே நிலாதானே, அப்புறம் எப்படிண்ணே ஒரு நாள் முழுசா தள்ளிப்போகுது? யாரு சரி?

பதில்:

தம்பி, நீங்க 2024-ஐயே எடுத்துக்கிட்டது நல்லதாப் போச்சு. அந்த வருஷக் கணக்கை ஒரு தடவை பொறுமையாப் பார்த்துட்டா மத்த வருஷங்களும் தானா புரிஞ்சிடும்.

முதல்ல உங்க வீட்டு தினசரி காலண்டர்ல இருந்து ஆரம்பிப்போம். 2024 மார்ச் 10, ஞாயித்துக்கிழமை, திருக்கணித பஞ்சாங்கப்படி அமாவாசை மதியம் ரெண்டரை மணி வாக்குல முடியுது. அமாவாசை திதி முடியுறதுன்னா என்ன, சூரியனும் நிலாவும் வானத்துல ஒரே நேர்ல வந்து நிலா சூரியனைத் தாண்டுற நொடி. அது உலகம் முழுசுக்கும் ஒரே நொடிதான், சென்னைக்கு ஒண்ணு மக்காவுக்கு ஒண்ணுன்னு கிடையாது. கடிகாரத்துல மட்டும்தான் இங்க 2.30, அங்க 12. அந்த நொடியில இருந்துதான் புது பிறைக்கு வயசு ஏற ஆரம்பிக்குது. இது வரைக்கும் நீங்க சொன்ன மாதிரி நிலா எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ஆனா மாசம் அமாவாசை முடிஞ்ச நொடியில பிறக்கிறது இல்ல. மார்க்கத்துல நாள் ஆரம்பிக்கிறது மக்ரிப்ல, மாசம் ஆரம்பிக்கிறது அந்த மக்ரிப் நேரத்துல பிறை தென்பட்டா. ஷஃபான் 29 முடியுற அந்தியில மேற்கு வானத்தைப் பார்க்கணும், பிறை தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரியே தராவீஹ், விடிஞ்சா நோன்பு. தெரியலன்னா, இல்ல மேகம் மறைச்சுட்டா, ஷஃபானை 30 ஆக்கிட்டு அதுக்கு மறுநாள் நோன்பு. புகாரில வர்ற ஹதீஸ் இதுதான், பிறையைப் பார்த்து நோன்பு வைங்க, பிறையைப் பார்த்து நோன்பை விடுங்க, மேகமா இருந்தா ஷஃபானை 30 ஆ முழுமையாக்குங்க. அப்போ கேள்வி அமாவாசை எப்ப முடிஞ்சதுங்கிறது இல்ல, உங்க ஊர் மக்ரிப் வர்றப்ப பிறைக்கு வயசு எவ்வளவு, அது கண்ணுக்குத் தெரியுற அளவு சூரியனை விட்டு விலகியிருக்காங்கிறதுதான். நிலா ஒண்ணா இருந்தாலும் மக்ரிப் ஊருக்கு ஒண்ணு.

இப்ப அந்த மார்ச் 10-ஐ ஊர் ஊரா பார்ப்போம். சென்னையில அன்னைக்கு சூரியன் மறையுறது சாயங்காலம் ஆறேகால் தாண்டி. பிறைக்கு வயசு நாலு மணி நேரம்கூட ஆகல. மக்காவுல சூரியன் மறையுறது அவங்க நேரம் ஆறரை, நம்ம நேரத்துக்கு ராத்திரி 9 மணி, அப்ப வயசு ஆறரை மணி நேரம். இன்னும் மேற்கே போய்க்கிட்டே இருங்க, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், அமெரிக்கா, மேற்குக் கரையில லாஸ் ஏஞ்சலஸ்ல சூரியன் மறையுறப்ப நமக்கு திங்கக்கிழமை காலை ஏழரை, அங்க அவங்களுக்கு இன்னும் ஞாயித்துக்கிழமை அந்திதான், பிறைக்கு வயசு 17 மணி நேரம். ஒரே ஞாயித்துக்கிழமை மக்ரிப், சென்னையில 4 மணி நேரக் குழந்தை, லாஸ் ஏஞ்சலஸ்ல 17 மணி நேரப் பிறை. மேற்கே போகப் போக பிறை வளர்ந்துக்கிட்டே வருது, ஏன்னா மக்ரிப் மேற்கே நகர்ந்துக்கிட்டு இருக்கப்ப நிலாவும் சும்மா நிக்காம சூரியனை விட்டு விலகிக்கிட்டே இருக்கு.

எவ்வளவு விலகுதுன்னா மணிக்கு அரை டிகிரிக்கு கொஞ்சம் மேல. டிகிரின்னதும் பயந்துடாதீங்க, கையை நல்லா நீட்டி சுண்டு விரலை வானத்துக்கு நேரா பிடிச்சா அதோட அகலம் ஒரு டிகிரி, முஷ்டியை மடக்கிப் பிடிச்சா 10 டிகிரி. அந்த ஞாயித்துக்கிழமை சென்னை மக்ரிப்ல சூரியனுக்கும் பிறைக்கும் நடுவுல இருந்த தூரம் மூணு சுண்டு விரல் அளவு, மக்காவுல 5 டிகிரிகூட இல்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு முஷ்டி.

பிறை தெரிய எவ்வளவு வேணும்? பிரான்ஸ்ல ஆந்த்ரே தாஞ்சோன்னு ஒரு வானியலாளர் 1930-கள்ல பழைய பிறை பதிவுகளை எல்லாம் வச்சு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சாரு, சூரியனுக்கும் நிலாவுக்கும் தூரம் 7 டிகிரிக்கு கீழ இருந்தா பிறையே தெரியாதுன்னு. அந்த நெருக்கத்துல வெளிச்சம் விழுற விளிம்பு ரொம்ப ரொம்ப மெல்லிசு, அதோட சூரியன் மறைஞ்ச உடனே வானத்துல இருக்க வெளிச்சம் அதை முழுசா முழுங்கிடும். பின்னால வந்தவங்க இந்த 7-ஐ கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்தியிருக்காங்க, கணக்குல சிலர் 5 வரைக்கும் இறக்கியிருக்காங்க, அதுக்கும் கீழ இல்ல. வெறும் கண்ணால பார்த்ததா வானியல்காரங்க ஏத்துக்கிட்ட சின்ன வயசுப் பிறைன்னா பதினஞ்சரை மணி நேரம் வாக்குல, அதுவும் பழகின கண்ணு, மலை மேல சுத்தமான வானம், எந்த இடத்துல பார்க்கணும்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிருந்து பார்த்தது. நம்ம மாதிரி ஆளுங்க மாடியில நின்னு பார்க்குறதுக்கு 20 மணி நேரத்துக்கு மேல இருந்தாத்தான் நம்பிக்கையா பார்க்கலாம். நம்ம பெரியவங்க மூன்றாம் பிறைன்னு சொல்றது இதுதான், அமாவாசையை ஒண்ணுன்னு எண்ணி மறுநாள் ரெண்டு, அதுக்கு மறுநாள் மூணு, பெரும்பாலும் கண்ணுக்கு முதல்ல படுறது அந்த மூணாவதுதான். அனுபவத்துல வந்த பேரு அது.

அடுத்த நாள், மார்ச் 11 திங்கக்கிழமை சென்னை மக்ரிப்ல அதே பிறைக்கு வயசு கிட்டத்தட்ட 28 மணி நேரம், தூரம் 15 டிகிரி வாக்குல, சூரியன் மறைஞ்சு ஒரு மணி நேரம் வாக்குல வானத்துல நிக்குது. அன்னைக்கு வானம் தெளிவா இருந்த இடத்துல எல்லாம் சின்னப் பசங்களே பார்த்துட்டாங்க. அதனால 12 நோன்பு.

இப்ப உங்க ரெண்டரை மணி நேரக் கேள்விக்கு வர்றேன். உங்க ஊர்ல இருந்து டவுனுக்கு கடைசி பஸ் ராத்திரி 10 மணின்னு வைங்க. நீங்க 9.55-க்கு வந்தீங்க, உங்க கூட்டாளி 10.05-க்கு வந்தாரு. உங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 10 நிமிஷம்தான், ஆனா அவரு டவுனுக்குப் போய்ச் சேர்றது மறுநாள் காலையில. பிறையும் அப்படித்தான். ஒரு ஊர்ல மக்ரிப் அப்ப பிறை தெரியுற அளவை தொட்டுடுச்சு, கிழக்கே கொஞ்சம் தள்ளி இருக்க ஊர்ல தொடல. தொடாத ஊருக்கு அடுத்த வாய்ப்பு ரெண்டரை மணி நேரம் கழிச்சு வராது, மறுநாள் மக்ரிப்ல தான் வரும், 24 மணி நேரம் போயிடும். ஒவ்வொரு மாசமும் உலக வரைபடத்துல இப்படி ஒரு கோடு விழும், மேற்கே திறந்த வளைவு மாதிரி, அதுக்கு உள்ள இருக்கவங்களுக்கு இன்னைக்கு பிறை, வெளிய கிழக்கே இருக்கவங்களுக்கு நாளைக்கு. அந்த வளைவு ஒரு மாசம் பசிபிக் கடல்ல விழும், ஒரு மாசம் அரபிக்கடல் மேல விழும், ஒரு மாசம் ஆஸ்திரேலியாவுக்கு கிழக்கே விழுந்து எல்லாருக்கும் ஒரே நாளா ஆகிடும். அமாவாசை எத்தனை மணிக்கு முடியுதுங்கிறதைப் பொறுத்து. அப்போ வானத்தால வர்ற ஒரு நாள் வித்தியாசம் யார் தப்பும் இல்ல, பூமி உருண்டையா இருக்கிறதால வர்றது.

ஆனா இங்க ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். 2024 மார்ச் 10-ல அந்த வளைவு விழுந்தது அமெரிக்கா பக்கமும் பசிபிக் பக்கமும். சவூதி அதுக்கு உள்ள இல்ல. மக்காவுல 5 டிகிரிகூட இல்லன்னு மேல சொன்னேன்ல, பிறை அங்க சூரியனுக்கு அப்புறம் கால் மணி நேரத்துக்குள்ள மறைஞ்சுடுது. அப்படின்னா உங்க மச்சானுக்கு 11 எப்படி வந்துச்சு? இதுக்குத்தான் ரெண்டாவது காரணம் வேணும், எதை பிறைன்னு ஏத்துக்கிறதுங்கிற விதி நாட்டுக்கு நாடு வேற.

சவூதில அச்சடிச்சு வர்ற காலண்டர் உம்முல் குரா. ஹிஜ்ரி 1423-ல இருந்து அதுக்கு ரெண்டே விதி, மக்காவுல சூரியன் மறையுறதுக்கு முன்னாடி அமாவாசை முடிஞ்சிருக்கணும், சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் நிலா மறையணும். ஒரு நிமிஷம் பின்னால மறைஞ்சாக்கூட போதும், தெரியணும்னு கட்டாயம் இல்ல. இது ஆபீஸ் வேலைக்கு, சம்பளத்துக்குன்னு போட்ட காலண்டர். ரமலானுக்கும் பெருநாளுக்கும் அங்க உச்ச நீதிமன்றம் தனியா பிறை பார்க்கச் சொல்லி, பார்த்தோம்னு வர்ற சாட்சியை வாங்கி அறிவிக்கும். ஆனா பிறை தேடுற நாளை அந்த காலண்டரோட 29-ந்தேதிப்படி தான் எடுப்பாங்க. மார்ச் 10 சவூதில ஷஃபான் 29, தேடினாங்க, பார்த்ததா சாட்சி வந்துச்சு, ஏத்துக்கிட்டு 11 நோன்புன்னு அறிவிச்சாங்க. எமிரேட்ஸ், கத்தார் எல்லாம் அதையே எடுத்துக்கிட்டாங்க. பக்கத்துலயே இருக்க ஓமன் பிறை தென்படலன்னு 12-ன்னு அறிவிச்சுச்சு. ஜோர்டானும் 12. துபாய்ல இருந்து மஸ்கட்டுக்கு கார்ல போற தூரம்தான், வானமும் ஒண்ணுதான், ஆனா நோன்பு ஒரு நாள் வித்தியாசம். இது வானத்தால வந்தது இல்ல, எந்த சாட்சியை ஏத்துக்கிறதுங்கிறதால வந்தது.

என் கருத்தைக் கேட்டா, 5 டிகிரிக்கு கீழ இருக்க பிறையை வெறும் கண்ணால பார்க்க முடியாதுங்கிறது தான். சாட்சி சொன்னவங்க பொய் சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தி வானம் கண்ணை எப்படி ஏமாத்தும்னு எனக்குத் தெரியும். எங்க ஊர்ல ஒரு வருஷம் ஷஃபான் 29 அன்னைக்கு மாடியில பதினஞ்சு பேரு நிக்கிறோம், ஒரு பையன் அதோ அதோன்னு கத்துறான், பார்த்தா பனை மரத்துக்கு மேல மெல்லிசா வளைஞ்சு பொன் நிறத்துல ஒரு கீத்து, எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, பைனாக்குலர்ல வச்சுப் பார்த்தா அது நகருது, ஃப்ளைட் விட்டுட்டுப் போன புகை, கீழ மறைஞ்ச சூரிய வெளிச்சம் பட்டு மின்னுது. அஞ்சு நிமிஷத்துல கலைஞ்சு போச்சு. பைனாக்குலர் இல்லாம இருந்திருந்தா அந்தப் பதினஞ்சு பேர்ல நாலு பேரு சத்தியம் பண்ணியே சாட்சி சொல்லியிருப்பாங்க, நல்ல மனசோட.

அதனாலதான் விவரம் தெரிஞ்ச பிறைக் கமிட்டி சாட்சி வந்தா உடனே அறிவிக்க மாட்டாங்க, உக்கார வச்சு கேப்பாங்க. எத்தனை மணிக்குப் பார்த்தீங்க, சூரியன் மறைஞ்ச இடத்துக்கு இடது பக்கமா வலது பக்கமா, எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு, எவ்வளவு நேரம் தெரிஞ்சுச்சு, கூட யாரு பார்த்தா. பிறையோட வெளிச்சமான முதுகு எப்பவும் சூரியன் இருக்க பக்கம்தான் இருக்கும், கொம்பு சூரியனை விட்டு விலகி இருக்கும், நம்ம ஊர்ல மார்ச் மாச அந்தியில அது கிட்டத்தட்ட படகு மாதிரி, கொம்பு ரெண்டும் மேல் பார்த்து இருக்கும். கொம்பு கீழ பார்த்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா அவரு பார்த்தது நிலா இல்ல. கணக்குப்படி நிலா 6.30-க்கே மறைஞ்சுட்ட நாள்ல 6.50-க்கு பார்த்தேன்னு சொன்னாலும் அதே முடிவுதான்.

இனி மூணாவது விஷயம், இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. மார்ச் 10 அந்தி சென்னையில யாருமே பிறை தேடல, தேட வேண்டிய நாளே அது இல்ல. ஏன்னா நமக்கு அன்னைக்கு ஷஃபான் 28. வித்தியாசம் ஒரு மாசத்துக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. பிப்ரவரி அமாவாசை முடிஞ்சது 10-ந்தேதி விடியக்காலை நாலரை மணிக்கு. அன்னைக்கு அந்தி நம்ம ஊர்ல பிறைக்கு வயசு 14 மணி நேரம்கூட இல்ல, இங்க தெரியல, ஷஃபான் 12-ந்தேதி ஆரம்பிச்சுச்சு. சவூதி காலண்டர்ல 11-ந்தேதி. பராஅத் ராத்திரி அந்த வருஷம் நமக்கு பிப்ரவரி 25-ந்தேதி ராத்திரி வந்துச்சே, அதை வச்சே எண்ணிப் பார்த்துக்கலாம். ஆக ரமலான் பிறைக்கு முன்னாடியே ரெண்டு நாடும் வேற வேற எண்ணிக்கையில இருந்தது. மார்ச் 11 நமக்கு 29, அன்னைக்குத் தேடினோம், நல்லா தெரிஞ்சுச்சு, முடிஞ்சது. ரமலான்லதான் சண்டை வெளிய தெரியுது, ஆனா வித்தியாசம் பல தடவை ரஜபுலயோ ஷஃபான்லயோ யாரும் கவனிக்காத ஒரு அந்தியில விழுந்துடும். எங்க ஊர் பெரியவர் ஒருத்தர் வருஷம் 12 மாசமும் பிறை பார்த்து டைரில எழுதுவாரு, ரமலானுக்கு மட்டும் மாடி ஏறுறவன் பாதி கதையைத்தான் பார்க்குறான்னு சொல்வாரு, அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு.

இந்தோனேசியாவை எடுத்தா இன்னும் தெளிவா புரியும், ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு நாள். அவங்களுக்கு மார்ச் 10 ஷஃபான் 29 தான், அரசாங்கம் தேடுச்சு. அவங்க, மலேசியா, சிங்கப்பூர், புருனே நாலு நாடும் சேர்ந்து ஒரு அளவு வச்சிருக்காங்க, சூரியன் மறையுறப்ப பிறை 3 டிகிரி உயரத்துலயும் சூரியன்ல இருந்து 6.4 டிகிரி தள்ளியும் இருக்கணும். அன்னைக்கு இந்தோனேசியா பூராவும் உயரம் ஒரு டிகிரியே இல்ல, அதனால அரசு 12-ன்னு அறிவிச்சுச்சு. ஆனா அதே நாட்டுல முஹம்மதியான்னு பெரிய அமைப்பு இருக்கு, அப்ப அவங்க விதி வேறயா இருந்துச்சு, சூரியன் மறையுறப்ப நிலா அடிவானத்துக்கு மேல கொஞ்சமாவது இருந்தா போதும்னு, அதனால அவங்க 11-ந்தேதியே ஆரம்பிச்சுட்டாங்க. துருக்கி எப்படின்னா, உலகத்துல ஏதாவது ஒரு இடத்துல பிறை 8 டிகிரி தள்ளி, 5 டிகிரி உயரத்துல இருந்தா எல்லாருக்கும் மாசம் ஆரம்பம்னு 1978-ல இஸ்தான்புல் மாநாட்டுல போட்ட அளவை வச்சு கணக்குப் பண்ணுவாங்க. அமெரிக்கா பக்கம் அந்த அளவு வந்துடுச்சு, அதனால துருக்கிக்கும் 11. பாருங்க, சவூதியும் துருக்கியும் ஒரே நாள்ல ஆரம்பிச்சாங்க, காரணம் முழுக்க வேற.

மேற்கே இருக்கவங்க தான் எப்பவும் முதல்லங்கிறதும் இல்ல. 2025-ல இந்தோனேசியா மார்ச் 1, நமக்கு மார்ச் 2. பிப்ரவரி 28 அந்தி சுமத்ரா தீவோட வடமேற்கு முனையில இருக்க ஆச்சேல அந்த 6.4 டிகிரி அளவு வந்துச்சு, பார்த்ததாவும் சாட்சி வந்துச்சு, ஏத்துக்கிட்டாங்க. பக்கத்து மலேசியா அதே அளவை வச்சிருந்தும் மார்ச் 2. சென்னையில அன்னைக்கு மக்ரிப்ல பிறைக்கு வயசு 12 மணி நேரம், ஆச்சேயை விட ஒரு மணி நேரம் கூடதான், ஆனா இங்க கண்ணால பார்த்த சாட்சி வரல, ஷஃபானை 30 ஆக்குனாங்க. வயசு கூடின பிறை இருந்த ஊர் பின்னாடி ஆரம்பிச்சுச்சு, காரணம் இங்க கண்ணு, அங்க கண்ணும் அளவும் சேர்ந்து.

யாரு சரின்னு கேட்டீங்க. இதுல மார்க்க அறிஞர்கள் நடுவுல பழைய கருத்து வேறுபாடு ஒண்ணு இருக்கு. முஸ்லிம் கிரந்தத்துல குரைப் ரஹ் அவர்களோட சம்பவம் வருது, அவரு சிரியாவுக்குப் போயிருந்தப்ப அங்க வெள்ளிக்கிழமை இரவுல பிறை பார்த்தாங்க, அதாவது நம்ம பேச்சுல வியாழன் ராத்திரி, முஆவியா ரலி நோன்பு வச்சாங்க. மாசக் கடைசியில மதீனா திரும்பி வந்து சொன்னப்ப இப்னு அப்பாஸ் ரலி நாங்க சனிக்கிழமை இரவுலதான் பார்த்தோம், நாங்க 30 முடியுற வரை இல்ல பிறை பார்க்குற வரை நோன்பு வைப்போம்னாங்க. முஆவியா பார்த்தது உங்களுக்குப் போதாதான்னு கேட்டதுக்கு, போதாது, நபி ஸல் அவர்கள் எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டாங்கன்னு பதில். ஷாஃபி மத்ஹபுல இதை வச்சு தான் பிறை உதிக்கிற பகுதி வேறன்னா, மத்லஃ வேறன்னு சொல்வாங்க, அவங்கவங்க பிறைன்னு எடுத்தாங்க. ஹனஃபி மத்ஹபோட பிரபலமான கருத்து, ஒரு ஊர்ல உறுதியா பார்த்தா தகவல் போய்ச் சேர்ற எல்லாருக்கும் அது செல்லும். நம்ம தமிழ்நாட்டுல கடலோர ஊர்கள்ல ஷாஃபி அதிகம், உள்ளே ஹனஃபி அதிகம். அது போக சர்வதேசப் பிறைன்னு ஒரு தரப்பு, கணக்குப்படி காலண்டர்னு ஒரு தரப்பு. அதனால ஒரே தெருவுல ரெண்டு வீட்டுல ரெண்டு நாள் நோன்பு வர்றதை நீங்களே பார்த்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் ஆதாரத்தோடதான் நிக்கிறாங்க, என்னோட மனசு தன் பகுதி பிறை பக்கம்தான், ஆனா அடுத்த வீட்டுக்காரர் நோன்பு செல்லாதுன்னு சொல்ற அளவுக்கு எனக்கு அறிவும் இல்ல தைரியமும் இல்ல.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிடுறேன். பிறை தெரியுறது மேற்குல. தமிழ்நாட்டுக்கு கடல் கிழக்குல. மெரினாவுல நின்னு பிறை தேடுனா திரும்பி ஊரைத்தான் பார்க்கணும், பில்டிங், தூசி, புகை, எல்லாம் அடிவானத்துல. அடிவானத்துல இருந்து 3, 4 டிகிரி வரைக்கும் சென்னையில ஒண்ணுமே தெரியாது. கேரளாக்காரங்களுக்கு பொன்னானி, காப்பாடு கடற்கரையில நின்னா மேற்கே அலை மட்டும்தான், சூரியன் கடல்ல இறங்குறதையே முழுசா பார்க்கலாம், அதோட சென்னையை விட கால் மணி நேரம் பின்னாடி சூரியன் மறையும், பிறைக்கு அவ்வளவு வயசு கூட. இது 2024 பெருநாள்ல அப்படியே தெரிஞ்சுச்சு. ஏப்ரல் 8-ந்தேதி அமெரிக்காவுல முழு சூரிய கிரகணம் வந்துச்சு ஞாபகம் இருக்கா, கிரகணம்னா அமாவாசை நொடியை கண்ணாலயே பார்க்குறது. நம்ம நேரத்துக்கு அது நடு ராத்திரி, சவூதிக்கும் மக்ரிப் முடிஞ்ச பிறகுதான். அப்போ சவூதிக்கு ரமலான் 29 ஆன அந்த அந்தியில பிறையே பிறக்கல, 30 நோன்பு முடிச்சு ஏப்ரல் 10 பெருநாள். நமக்கு 29 வந்தது ஏப்ரல் 9 அந்தி, பிறைக்கு வயசு பதினெட்டரை மணி நேரம், தெரியவும் செய்யலாம் தெரியாமலும் போகலாம்ங்கிற எல்லை. கேரளாவுல பார்த்துட்டாங்க, ஏப்ரல் 10 பெருநாள், 29 நோன்பு. தமிழ்நாட்டுல தலைமை காஜி அறிவிப்புப்படி ஏப்ரல் 11, 30 நோன்பு. பாலக்காட்டுல பெருநாள் தொழுகை, கோயம்புத்தூர்ல நோன்பு.

இப்ப உங்க மச்சான் மாதிரி ஆளுங்களுக்கு வர்ற கேள்வி, எனக்கு வருஷா வருஷம் இதுக்கு ஃபோன் வரும். ரியாத்ல மார்ச் 11 நோன்பு ஆரம்பிச்சவரு கடைசி பத்துல லீவு போட்டு ஊருக்கு வந்துட்டாருன்னு வைங்க. ஏப்ரல் 9 அன்னைக்கு அவருக்கு 30 முடிஞ்சது, ஆனா ஊர்ல 10-ந்தேதியும் எல்லாரும் நோன்பு. பெரும்பாலான அறிஞர்கள் சொல்றது, இருக்கிற ஊரோட சேர்ந்துக்கணும், 10-ந்தேதியும் நோன்பு வச்சு 11-ந்தேதி ஊரோட பெருநாள், அவருக்கு 31 ஆகும், அது பரவாயில்ல, அந்த ஒண்ணு நஃபிலாப் போகும்னு சொல்றவங்க உண்டு. திருப்பிப் பாருங்க, இங்க 12-ந்தேதி ஆரம்பிச்சவரு நடுவுல உம்ராவுக்குப் போய் அங்கேயே 10-ந்தேதி பெருநாள் கொண்டாடினா அவருக்கு 29, மாசம் 29-ஆ இருக்கலாம், பிரச்சனை இல்ல. ஏதாவது வருஷத்துல அப்படிப் போய் 28-லயே நின்னுட்டா ஒரு நோன்பை பின்னாடி களா பண்ணணும், ஏன்னா 28 நாள்ல மாசம் கிடையாது. உங்க மச்சான் ஏப்ரல் 10 ரியாத்லயே இருந்திருந்தா அவருக்கு 30, உங்களுக்கும் 30, அவரு ஒரு நாள் முன்னாடி ஆரம்பிச்சு ஒரு நாள் முன்னாடியே முடிச்சாரு, அவ்வளவுதான்.